ஸ்கேன் எல்லாம் இயல்பு, வலி மட்டும் நிற்கவில்லை: பிற வார்டு நோயாளிகளைப் பார்க்கும் லயசன் மனநலப் பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சர்ஜரி வார்டிலிருந்து மனநலப் பிரிவுக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் இரண்டே வரிகள் இருக்கும். "எல்லாப் பரிசோதனையும் இயல்பு. வலி தொடர்கிறது, தங்கள் கருத்து வேண்டும்." புதிதாக வரும் பயிற்சி மருத்துவர் அதைப் படித்ததுமே "உடலில் ஒன்றும் இல்லை, ஆகவே மனதில்தான்" என்ற முடிவோடு நடக்கத் தொடங்கிவிடுகிறார். கட்டிலை அடையும்போது அவருக்கு மிச்சம் இருக்கும் வேலை, மனதில் என்ன என்று தேடுவது மட்டும்தான். தேடினால் யாரிடம்தான் ஒரு துக்கம் கிடைக்காது?

இந்த வழிகாட்டி நாள்பட்ட வயிற்று வலியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். வலி எங்கிருந்து எப்படி வருகிறது என்பது ஒன்று. அந்த வலி இவரை ஏன் இந்த அளவுக்கு முடக்கியிருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் இரண்டாவது தீர்ந்துவிடாது. இரண்டாவதற்குக் கிடைத்தாலும் முதலாவது தீராது.

கூடவே ஒரு நோயாளியைக் கொண்டுசெல்கிறேன். ஆலங்குளம் பக்கத்துக் கிராமம், வயது 42, பீடி சுற்றுபவர். வயிற்றின் வலப்பக்கத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, 14 மாதமாக வலி. அடையாளம் தெரியாதபடி பலருடைய விவரங்களைக் கலந்திருக்கிறேன்.

1. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முழுக் கோப்பு வேண்டும். டிஸ்சார்ஜ் சுருக்கம் போதாது, ஏனென்றால் யார் எப்போது வயிற்றைத் தொட்டுப் பார்த்தார் என்பது சுருக்கத்தில் இருக்காது. நோயாளி மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கும் வெளி மருத்துவமனைச் சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திரை உள்ள கட்டில், உடன் இருக்க ஒரு செவிலியர், கொஞ்சம் பஞ்சு, குளிர்ந்த தண்ணீரில் போட்ட ஒரு எவர்சில்வர் கரண்டி. கரண்டி எதற்கு என்பது ஐந்தாம் படியில் வரும். மனநலப் பிரிவிலிருந்து கரண்டியோடு வருபவரைப் பார்த்து வார்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

2. அனுப்பியவரிடம் பேசுங்கள்

சீட்டில் இருப்பது அவருடைய கேள்வி அல்ல. போன் செய்து இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: "ஏன் இன்றைக்கு அனுப்பினீர்கள்? எது தவறிப்போய்விடுமோ என்று உங்களுக்கே உறுத்துகிறது?" இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் நல்ல விடை கிடைக்கும். நம் நோயாளியின் சர்ஜன் சொன்னது: "குடல்வால், கருப்பை, சிறுநீரகம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்த அம்மா எப்போதும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார். அதுதான் இடிக்கிறது."

அந்த வாக்கியம் சீட்டில் இல்லை. ஆனால் முழு நோயறிதலும் அதில்தான் இருந்தது.

3. "இயல்பு" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு பரிசோதனைக்கும் எதிரே, அது எதைக் காட்டாது என்று எழுதுங்கள். இந்தப் பழக்கம் இல்லாமல் நோயறிதலில் இறங்கக் கூடாது. இவருக்கு நான்கு அல்ட்ராசவுண்ட், ஒரு எண்டோஸ்கோபி, ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். எல்லாமே வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளைப் பார்த்தவை. வயிற்றுச் சுவரின் தசையையும் அதன் வழியே தோலுக்கு வரும் மெல்லிய நரம்புகளையும் இவற்றில் எதுவும் சோதிக்கவில்லை. அந்த நரம்பு இறுகிப் பிடிபட்டால் ஸ்கேனில் பொதுவாகத் தெரியாது, கைதான் காட்டும்.

நம்மிடம் தவறிப்போகும் இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று ஈயம். கண்ட இடத்தில் வாங்கிய பஸ்பம், செந்தூரம் போன்றவற்றில் ஈயம் கலந்திருந்தால் வயிற்றில் முறுக்கு வலி, மலச்சிக்கல், ரத்தசோகை மூன்றும் சேர்ந்து வரலாம். எரிச்சலும் மனச்சோர்வும் கூடவே வருவதால் நம்மிடம் அனுப்பிவிடுவார்கள். ரத்தத்தில் ஈய அளவு கேட்டால் தெரியும். மற்றொன்று போர்ஃபிரியா. நாள் கணக்கில் கடும் வலி, பிறகு முழு இடைவெளி, வலி நாளில் குழப்பமோ பதற்றமோ, வைத்திருந்தால் கருக்கும் சிறுநீர். வலி இருக்கும்போதே எடுத்து, வெளிச்சம் படாமல் அனுப்பிய சிறுநீரில்தான் போர்ஃபோபிலினோஜனைத் தேட வேண்டும். வலி இல்லாத நாளில் எடுத்துவிட்டு "இயல்பு" என்று எழுதுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

எடை குறைவு, காய்ச்சல், ரத்தப்போக்கு, மஞ்சள் காமாலை, புதிய ரத்தசோகை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அங்கேயே நின்று மருத்துவப் பிரிவைத் திரும்ப அழையுங்கள். நம் நோயாளிக்கு எடை இரண்டு கிலோ கூடியிருந்தது.

4. முதல் பத்து நிமிடம் வலிக்கு

"நான் மனநல மருத்துவர்" என்று தொடங்கி, உடனே "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். தன் வலியைப் பொய் என்கிறார்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். நான் இப்படிச் சொல்வேன்: "அம்மா, நான் மனநலப் பிரிவு. உங்கள் வலி உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வலி நாள்பட்டால் தூக்கம், பயம் எல்லாவற்றையும் பாதிக்கும். அதனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். முதலில் வலியைச் சொல்லுங்கள்."

எந்தச் சொல்லால் வலியைச் சொல்கிறார் என்பதை அப்படியே எழுதுங்கள். குத்துகிறது, எரிகிறது, சுண்டி இழுக்கிறது, முறுக்குகிறது, பிசைகிறது, உளைகிறது என்பவை ஒன்றல்ல. முறுக்குவதும் பிசைவதும் பெரும்பாலும் குடல் போன்ற குழாய் உறுப்புகளின் வலியைச் சொல்லும் சொற்கள். எரிவதும் சுண்டுவதும் நரம்பின் பக்கம் சாய்பவை. சாய்வுதான், தீர்ப்பு அல்ல. கேஸ் ஷீட்டில் எல்லாவற்றையும் "வயிற்று வலி" என்று மொழிபெயர்த்துவிட்டால் அந்தச் சாய்வும் போய்விடும்.

அடுத்து, "ஒரே விரலால் காட்டுங்கள்" என்று கேளுங்கள். முழு உள்ளங்கையால் வட்டம் போடுபவரும் ஒரு விரல் நுனியை ஊன்றுபவரும் வேறு வேறு நோயாளிகள். இவர் சுட்டுவிரலை ஊன்றினார். பத்து நிமிடம் கழித்துக் கேட்டேன், அதே புள்ளி.

"தொக்கம் எடுத்தோம், குடல் ஏறியிருக்கிறது என்று எண்ணெய் தடவித் தட்டினார்கள்" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அவர் தன் நோயை என்னவென்று நினைக்கிறார், யாரிடம் எப்போது போனார், உள்ளுக்கு என்ன சாப்பிட்டார் எல்லாம் அந்த ஒரு பதிலில் வந்துவிடும்.

காலக்கோட்டை அங்கேயே வரையுங்கள். ஒரு தாளில் நான்கு கோடுகள்: வலி, மனநிலை, வீட்டு நிகழ்வுகள், வேலையும் மருந்தும். தேதி கேட்டால் வராது. "அம்மன் கொடைக்கு முன்னாலா, பின்னாலா? ஆடி அமாவாசைக்குக் காரையாறு போனபோது வலி இருந்ததா? ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் நிற்க முடிந்ததா?" என்று கேட்டால் மாதம் பிசகாமல் வரும்.

இவருடைய தாளில் வந்தது இது. வலி தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு நாத்தனார் வயிற்றுப் புற்றுநோயில் இறந்திருக்கிறார். என்னுடன் இருந்த பயிற்சி மருத்துவரின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் நான்காவது கோட்டில் வேறொன்றும் இருந்தது. அதே சமயத்தில்தான் மகள் கல்யாணக் கடனுக்காக நாளுக்கு எழுநூறு பீடியிலிருந்து ஆயிரத்துக்குப் போயிருக்கிறார். மடியில் சுளகை வைத்து, முன்னால் குனிந்து, காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை. குனிந்து உட்கார்ந்தால் வலி கூடும், மல்லாந்து படுத்தால் குறையும். சாப்பாட்டுக்கும் மலம் கழிப்பதற்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை.

மரணக் கதை மனதைப் பிடித்துக்கொள்ளும், சுளகு பிடிக்காது. இரண்டும் ஒரே மாதத்தில்தான் இருந்தன.

5. தொட்டுப் பாருங்கள்

"சர்ஜன் பார்த்துவிட்டார், நான் எதற்கு?" என்று கேட்பார்கள். சர்ஜன் வயிற்றுக்குள் கட்டி உண்டா, வீக்கம் உண்டா என்று தேடித் தொட்டார். நீங்கள் கேட்பது, வலி உள்ளேயா, சுவரிலா என்ற வேறு கேள்வி. அதற்குக் கார்னெட் சோதனை போதும். இரண்டு நிமிட வேலை.

மல்லாந்து படுக்க வையுங்கள். வயிறு தளர்வாக இருக்கும்போது, அதிகம் வலிக்கும் புள்ளியை ஒரு விரல் நுனியால் கண்டுபிடியுங்கள். விரலை எடுக்காதீர்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, தலையையும் தோளையும் தலையணையிலிருந்து உயர்த்தச் சொல்லுங்கள். வயிற்றுத் தசை இறுகும். "இப்போது வலி கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

வலி வயிற்றுக்குள்ளிருந்து வந்தால், இறுகிய தசை கவசம்போல நடுவில் நின்று உங்கள் விரலை உள்ளே விடாது. அதனால் வலி குறையும். சுவரிலேயே இருந்தால் அப்படியே இருக்கும் அல்லது கூடும்.

இங்கே நான் பார்த்த பிழைகள் மூன்று. தசை இறுகும்போது விரல் தானாக மேலே தள்ளப்படும். அழுத்தம் குறைந்ததால் குறைந்த வலியை "உள்ளே" என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவது, "கூடுகிறதுதானே?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்பது. மூன்றாவது, நோயாளி தலையை மட்டும் லேசாகத் தூக்குவது. தோள் எழும்பாவிட்டால் தசை இறுகாது. இடது கையை வயிற்றின் மறுபக்கத்தில் வைத்து, இறுகுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு தோல். வலிக்கும் புள்ளியைச் சுற்றித் தோலை இரு விரலால் மெதுவாகக் கிள்ளித் தூக்குங்கள், இடப்பக்கத்தில் அதே இடத்திலும் செய்யுங்கள். பஞ்சால் தடவுங்கள். குளிர்ந்த கரண்டியை இரு பக்கமும் மாறி மாறி வையுங்கள். நம் நோயாளிக்குக் கார்னெட் சோதனையில் வலி கூடியது. வலப்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் கிள்ளினால் துள்ளினார். கரண்டி இடப்பக்கம் "சில்லென்று" இருந்தது, வலப்பக்கம் "ஏதோ படுகிறது" என்று மட்டும் தெரிந்தது. புள்ளி, வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் நேர்த்தசையின் வெளி ஓரத்தில் இருந்தது. தோலுக்கு வரும் நரம்பு தசையைத் துளைத்துக்கொண்டு வரும் இடம் அதுதான்.

எழுந்து நிற்க வைத்து இருமச் சொல்லிக் குடலிறக்கம் உண்டா என்று பாருங்கள். பழைய அறுவைத் தழும்பு, அக்கித் தழும்பு, முதுகெலும்பில் தட்டினால் வலி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. உள்ளே அழற்சி வயிற்றின் உட்சவ்வுவரை வந்துவிட்டாலும் வலி கூடும். அதனால் காய்ச்சலோடு புதிதாக வந்த வலியில் இதை நம்பி உட்காரக் கூடாது. மனக்காரணம் மேலோங்கிய வலியிலும் சிலருக்கு இது நேர்மறையாக வருவதுண்டு. எனவே கார்னெட் மட்டும் போதாது. ஒரே புள்ளி, தோலில் உணர்வு மாற்றம், உடல் நிலைக்கேற்ப மாறும் வலி ஆகியவையும் சேரும்போதுதான் சான்றின் எடை கூடுகிறது.

6. மனதுக்கும் நேரடிச் சான்று தேடுங்கள்

உடல் பக்கம் ஒன்று கிடைத்துவிட்டதே என்று பலர் இங்கே கோப்பை மூடிவிடுவார்கள். இது முதல் பிழையின் மறுபக்கம்.

எவை சான்று அல்ல என்பதை முதலில் ஒதுக்குங்கள். கவலைப்பட்டால் வலி கூடுவது சான்று அல்ல. எலும்பு முறிவு வலியும் கவலையில் கூடும். பேரக்குழந்தை வந்தபோது வலி மறந்தது சான்று அல்ல. சத்து ஊசியில் வலி குறைந்ததும் சான்று அல்ல, போலி மருந்து புற்றுநோய் வலியையும் குறைக்கும். வெறும் உப்புநீரை மருந்தென்று சொல்லி ஏற்றி "சோதித்து" பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. அது எதையும் நிரூபிக்காது. தெரியவந்தால் அந்த நோயாளி இனி எந்த மருத்துவரையும் நம்பமாட்டார்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளின் மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள். நம் நோயாளிக்கு 15 வந்தது. பயிற்சி மருத்துவர் "மிதமானதற்கு மேற்பட்ட மனச்சோர்வு" என்று எழுதிவிட்டார். தூக்கம் 3, அசதி 3, பசி 3. ஆக 9 மதிப்பெண் இந்த மூன்றிலிருந்தே வந்திருந்தது. இரவில் திரும்பிப் படுத்தால் சுண்டும் வலியே தூக்கத்தைக் கெடுக்கும். எனவே, வலி குறைந்த நாளில் எப்படி இருந்தார் என்று கேட்க வேண்டும். மகளின் வளைகாப்பன்று வலி குறைவாக இருந்திருக்கிறது. வளையல் அடுக்கியதையும் பாட்டுப் பாடியதையும் ஐந்து நிமிடம் சொன்னார், சிரித்தார். மகிழ்ச்சி அற்றுப்போன மனம் அப்படிச் சொல்லாது. ஆனாலும், வலியோடு இருப்பதைவிடப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றியதுண்டா என்பதை நேராகக் கேட்டே ஆக வேண்டும். நீண்டநாள் வலி உள்ள யாரிடமும் அதை விடக் கூடாது. இவர் இல்லை என்றார், தயங்காமல்.

மனச்சோர்வுக்குச் சான்று மெலிந்தது. பயத்துக்கு? "இந்த வலி என்னவாக இருக்கும் என்று ராத்திரியில் நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். நாத்தனாருக்கும் முதலில் இப்படித்தான், ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்களாம். தினமும் மலத்தின் நிறம் பார்க்கிறார். கட்டி வந்துவிட்டதா என்று அந்தப் புள்ளியைத் தானே அழுத்திப் பார்க்கிறார். எத்தனை தடவை என்று கேட்டதற்கு மாமியார்தான் பதில் சொன்னார்: "ஒரு கட்டு பீடி முடிந்தால் ஒரு தடவை, டாக்டர்." ஒரு கட்டு 25 பீடி. ஆயிரம் பீடிக்கு நாற்பது தடவை.

அமெரிக்க மனநலக் கையேடான டி.எஸ்.எம்.-5 உடல் அறிகுறிக் கோளாறுக்குக் கேட்பது இந்த மாதிரிச் சான்றைத்தான்: அறிகுறியைப் பற்றிய அளவுமீறிய எண்ணம், பதற்றம், அதில் செலவாகும் நேரம், பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல். "உடல் காரணம் இல்லை" என்பது 2013-இலிருந்து அதன் நிபந்தனை அல்ல. உடல் காரணம் இருந்தாலும் இந்தக் கோளாறு கூடவே இருக்கலாம்.

7. எது உங்கள் கருத்தை மாற்றும் என்று முன்பே எழுதுங்கள்

சுவர் நரம்பு என்ற ஊகத்தைச் சோதிக்க, மயக்க மருத்துவர் அந்தப் புள்ளியில் 1 சதவீத லிக்னோகேயின் சில மில்லி செலுத்துவார். 15 நிமிடம் கழித்து வலியை மறுபடி அளந்து, கார்னெட்டைத் திரும்பச் செய்ய வேண்டும். வலி பாதிக்கு மேல் குறைந்தால் ஊகம் வலுக்கிறது. குறையாவிட்டால் ஊகம் தவறாகவோ ஊசி இடம் தவறியதாகவோ இருக்கலாம், ஒருமுறை திரும்பச் செய்யலாம். இரண்டு முறையும் பயன் இல்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும். இதையெல்லாம் ஊசிக்கு முன் எழுதுவது ஏன் என்றால், ஊசிக்குப் பின் எந்த விடையையும் நம் கட்சிக்கு வளைத்துவிடுவோம்.

இவருக்கு வலி பத்துக்கு 8-இலிருந்து 2-க்கு வந்தது. இரவில் 5-க்கு ஏறியது, மூன்றாம் நாள் 3-இல் நின்றது.

8. கோப்பில் எழுதுவதும் நோயாளியிடம் சொல்வதும்

"ஃபங்ஷனல்" என்று ஒரு சொல்லில் எழுதாதீர்கள். அடுத்து வருபவர் அதை "ஒன்றுமில்லை" என்று படிப்பார். நாங்கள் எழுதியது: "வயிற்றுச் சுவர் நரம்பு இறுக்கம், ஊசியில் பயன் தெரிந்தது. அதனுடன் உடல் அறிகுறிக் கோளாறு, புற்றுநோய்ப் பயமும் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதும் மேலோங்கியது. மனச்சோர்வு நோய்க்கு இப்போது போதிய சான்று இல்லை. எடை குறைந்தாலோ, வலி இடம் மாறினாலோ, திரும்பிப் படுக்காமலே இரவில் எழுப்பினாலோ புதிதாகப் பார்க்க வேண்டும்." கடைசி வாக்கியம் இல்லாமல் எந்தக் குறிப்பும் வார்டை விட்டுப் போகக் கூடாது. மனநலப் பெயர் ஒட்டிவிட்டால் அடுத்த நோயை யாரும் தேடமாட்டார்கள்.

நோயாளியிடம் சொன்னது: "தோலுக்கு வரும் நரம்பு ஒன்று தசையில் மாட்டியிருக்கிறது. நாளுக்கு நாற்பது தடவை அழுத்தினால் நோகாத இடமும் நோகும். நொந்தால் பயம் வருகிறது, பயம் வந்தால் மறுபடி அழுத்துகிறீர்கள்." அவர் தன் சுட்டுவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

9. திரும்ப வரும் நாளைக் குறித்துக் கொடுங்கள்

"வலித்தால் வாருங்கள்" என்றால், வருவதற்கு வலிக்க வேண்டியிருக்கும். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தேதி கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தோம், புது ஸ்கேன் எழுதவில்லை. நரம்பு வலிக்காக இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். சுளகை மடியிலிருந்து ஒரு மணைக்கு மாற்றச் சொன்னோம். அழுத்திப் பார்ப்பதை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாமல், நாற்பதை இருபதாக்கி எண்ணிக்கொண்டு வரச் சொன்னோம்.

மூன்றாவது முறை வந்தபோது வலி 2. அழுத்துவது நாளுக்கு ஆறு. மலத்தின் நிறம் பார்ப்பது மட்டும் அப்படியே இருந்தது. "அதை விட முடியவில்லை, டாக்டர்" என்றார். நாத்தனாரின் கடைசி மூன்று மாதத்தை அருகில் இருந்து கவனித்தது யார் என்று அப்போதுதான் கேட்டேன். அவர்தான்.